4.6-க்குக் கீழே 4.8 ஏன் நிற்கிறது? கடைப் பக்கத்தில் பொருள்களை வரிசைப்படுத்தும் முறை

ஹெட்போன் விற்கும் ஒரு கடைப் பக்கத்தை ஒருவர் பயன்படுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அதிக மதிப்பீடு முதலில்’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். பக்கம் மாறியது. முதல் பொருளுக்கு 4.6, அடுத்ததற்கு 4.8, அதற்கடுத்து 4.3, அப்புறம் 5.0. அவர் விரல் ஒரு நொடி நின்றது. மறுபடி அதே தேர்வை அழுத்தினார். அதே வரிசைதான் வந்தது. “இது வேலை செய்யல” என்று சொல்லிவிட்டு விலை வரிசைக்குப் போய்விட்டார்.

அந்த வரிசையில் கணக்குப் பிழை ஒன்றும் இல்லை. எத்தனை பேர் மதிப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்து, யோசித்து அமைத்த வரிசைதான் அது. ஆனால் அந்த யோசனை எதுவும் திரையில் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயங்கள்: மேலே இருந்த தலைப்பு, ஒவ்வொரு அட்டையிலும் இருந்த எண். தலைப்பு சொன்னது ஒன்று, எண்கள் சொன்னது வேறொன்று.

வரிசைப்படுத்தும் வேலையில் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். விலை, மதிப்பீடு இரண்டையும் வாங்குபவர் தன் கண்ணாலேயே சரிபார்க்க முடியும். முதல் மூன்று நான்கு அட்டைகளைப் பார்த்து எண் ஒழுங்காக ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்கிறார். சரியாக இருந்தால் மீதியை நம்பி உருட்டிக்கொண்டு போகிறார். பொருத்தத்தின்படி வரும் வரிசையை அப்படிச் சரிபார்க்க முடியாது. அங்கே கடை சொல்வதை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்து மூன்றையும் தனித்தனியாக அமைக்க வேண்டும். மூன்றில் மதிப்பீடுதான் அதிகம் தகராறு செய்வது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

## மதிப்பீடு: வெறும் சராசரியில் என்ன கோளாறு

ஐந்து ஹெட்போன்களை எடுத்துக்கொள்வோம். இந்த வகைப் பொருள்களின் பொதுச் சராசரி 4.1 என்று வைத்துக்கொள்வோம்.

| பொருள் | சராசரி | மதிப்பிட்டவர்கள் |
|---|---|---|
| அ | 5.0 | 2 |
| ஆ | 4.6 | 340 |
| இ | 4.8 | 25 |
| ஈ | 4.3 | 2100 |
| உ | 3.9 | 8 |

வெறும் சராசரியை வைத்து வரிசைப்படுத்தினால் அ தான் முதலில் வரும். இரண்டு பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்ததற்கே முதலிடம். பெரிய கடையில் இந்தக் கோளாறு இன்னும் மோசம். ஒன்றிரண்டு பேர் மட்டும் மதிப்பிட்ட 5.0 பொருள்கள் ஏராளமாக இருக்கும். அவற்றால் முதல் பக்கம் முழுவதும் நிரம்பிவிடும், 340 பேர் மெச்சிய பொருள் மூன்றாம் பக்கத்துக்குத் தள்ளப்படும். உங்கள் கடையில் இது நடக்கிறதா என்று பார்ப்பது சுலபம். மதிப்பீட்டு வரிசையின் முதல் பக்கத்தைத் திறந்து, அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணிக்கைகளை மட்டும் படியுங்கள். 1, 1, 3, 2, 1 என்று ஓடினால் வெறும் சராசரிதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

## முதல் வழி: எடை சேர்த்த சராசரி

வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு இது. ஒவ்வொரு பொருளுக்கும் கற்பனையாகச் சில மதிப்பீடுகளைச் சேர்த்துவிடுவது, அவை எல்லாம் அந்த வகையின் பொதுச் சராசரியைக் கொடுத்ததாக வைத்துக்கொள்வது. 20 கற்பனை மதிப்பீடுகள் என்றால் கணக்கு இப்படி வரும்:

```
மதிப்பெண் = (20 × 4.1 + சராசரி × எண்ணிக்கை) ÷ (20 + எண்ணிக்கை)
```

அ-வுக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 × 4.1 = 82. அதோடு 5 × 2 = 10 சேர்த்தால் 92. அதை 22-ஆல் வகுத்தால் 4.18. இரண்டே பேரின் உற்சாகம் பொதுச் சராசரியை ஒட்டி இறங்கிவிடுகிறது. ஆ-வுக்கு 340 பேர் இருப்பதால் அது அதிகம் அசையாது: 4.57. இ 4.49, ஈ 4.30, உ 4.04. ஆக வரிசை ஆ, இ, ஈ, அ, உ. இது நியாயமான வரிசை. நான் பார்த்த அந்தப் பக்கத்தில் இருந்ததும் இதுவேதான்: 4.6, 4.8, 4.3, 5.0.

20 என்ற அந்த எண்ணை எப்படித் தேர்வு செய்வது? ஒரு பொருளுக்கு அத்தனை மதிப்பீடுகள் வந்ததும் அதன் சொந்தச் சராசரிக்கும் வகையின் சராசரிக்கும் சரிபாதி எடை கிடைக்கும். அதனால் கேள்வியை இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் சொன்னால் இந்தப் பொருளைப் பற்றிய பேச்சைப் பாதியாவது நம்புவேன்? எண்ணை மாற்றிப் பார்த்தால் அதன் பலம் புரியும். 5 என்று வைத்தால், இரண்டு பேர் மட்டும் மதிப்பிட்ட அ 4.36 பெற்று, 2100 பேர் மதிப்பிட்ட ஈ-யை (4.30) முந்திவிடும். நோய் முழுதாகத் தீரவில்லை. 200 என்று வைத்தால் நிலைமை தலைகீழ். 25 பேரிடம் 4.8 வாங்கிய இ 4.18-க்கு இறங்கி, 4.28 பெறும் ஈ-க்குக் கீழே போய்விடும். புதிதாக வந்த நல்ல பொருள் எதுவும் மேலே ஏறவே முடியாது. இந்த இரண்டு தவறுகளுக்கும் நடுவில் உங்கள் எண் இருக்க வேண்டும். நான் வழக்கமாக அந்த வகையின் பொருள்களுக்கு வந்திருக்கும் மதிப்பீட்டு எண்ணிக்கைகளை வரிசையாக அடுக்கி, நடுவில் இருப்பதை எடுத்துத் தொடங்குவேன். பிறகு முதல் பக்கத்தைக் கண்ணால் பார்த்துக் கூட்டிக் குறைப்பேன்.

பொதுச் சராசரியைக் கடை முழுவதற்கும் ஒன்றாக வைக்காதீர்கள். புத்தகத்துக்கு நட்சத்திரம் கொடுப்பவர்கள் வேறு, பிரிண்டருக்குக் கொடுப்பவர்கள் வேறு. பிரிண்டர் மக்கர் செய்தால் கோபத்தில் வந்து ஒன்று போடுவார்கள். வகைக்கு வகை சராசரி எடுத்தால்தான் கணக்கு பொருந்தும்.

கட்டைவிரல் மேலே, கீழே என்று இரண்டே தேர்வு இருக்கும் கடைகளுக்கு வேறொரு கணக்கு உண்டு. பிடித்தவர்களின் உண்மையான சதவீதம் எந்த இரண்டு எல்லைகளுக்குள் இருக்கும் என்று சொல்லும் கணக்கு ஒன்றைப் புள்ளியியலாளர் எட்வின் வில்சன் 1927-இல் வெளியிட்டார். அதன் கீழ் எல்லையை எடுத்துக்கொள்வார்கள். 95 சதவீத நம்பகத்துக்குப் போட்டால், இரண்டுக்கு இரண்டு பேர் பிடித்தது என்ற பொருள் சுமார் 34 சதவீதமும், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிடித்தது என்ற பொருள் சுமார் 83 சதவீதமும் பெறும். நோக்கம் ஒன்றே: சிலர் சொன்னதைச் சந்தேகத்தோடு பார்ப்பது.

## கண்ணுக்குப் புரியும் வழி

சரி, கணக்கு நியாயமாகிவிட்டது. வாங்குபவரின் சிக்கல் தீரவில்லை. அவர் படிப்பது 4.57-ஐ அல்ல. அட்டையில் இருக்கும் 4.6-ஐயும் அதற்குக் கீழே நிற்கும் 4.8-ஐயும்தான்.

4.57-ஐயே அட்டையில் போட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஐந்து நட்சத்திரம் கொடுத்த இரண்டு பேர் வந்து பார்த்தால் 4.2 என்று இருக்கும், எங்கள் மதிப்பீட்டைக் குறைத்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். பொருளின் பக்கத்தில் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பவருக்கும் கூட்டல் பொருந்தாது.

நான் இப்போது செய்வது வேறு. தலைப்பு ‘அதிக மதிப்பீடு முதலில்’ என்று சொன்னால் அட்டையில் தெரியும் எண்ணின்படியே வரிசை இருக்கட்டும். ஆனால் அந்த வரிசையில் நிற்க ஒரு குறைந்தபட்சத் தகுதி வைத்துவிடுவது. பத்துப் பேராவது மதிப்பிட்டவை மேலே. அதற்குக் குறைவானவை ஒரு கோட்டுக்குக் கீழே, ‘இன்னும் சிலரே மதிப்பிட்டவை’ என்ற சிறு தலைப்போடு. நம் ஐந்து பொருள்களும் இப்படி வரும்: இ 4.8 (25), ஆ 4.6 (340), ஈ 4.3 (2100). பிறகு கோடு. அதற்குக் கீழே அ 5.0 (2), உ 3.9 (8). எண்கள் ஒழுங்காக இறங்குகின்றன. மறுபடி ஏறும் இடத்தில் அதற்கான காரணம் எழுத்திலேயே இருக்கிறது.

25 பேரின் 4.8-ஐ 340 பேரின் 4.6-க்கு மேலே வைப்பது சரியா என்று கேட்கலாம். எடை சேர்த்த கணக்கு அதை மாற்றித்தான் வைத்தது. ஆனால் எண்ணிக்கை நட்சத்திரத்தின் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் இருந்தால் அந்தத் தீர்ப்பை வாங்குபவரே செய்துகொள்வார். 25-ஐ விட 340-ஐ நம்பலாம் என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எண்ணிக்கையைச் சாம்பல் நிறத்தில் பொடியாகப் போட்டு ஒளித்துவிட்டால்தான் வம்பு.

இதற்கும் எல்லை உண்டு. ஒன்பதிலிருந்து பத்துக்குப் போகும் பொருள் ஒரே நாளில் பல பக்கங்கள் தாவி ஏறும். பத்துப் பொய் மதிப்பீடுகளை ஏற்பாடு செய்துகொண்டவர் முதலிடத்தில் வந்து உட்காரலாம். அதனால் நிறைய விற்கும் வகைகளில் தகுதியை ஐம்பது, நூறு என்று உயர்த்த வேண்டும். எடை சேர்த்த மதிப்பெண்ணையும் தூக்கிப்போட வேண்டாம், அதற்கு வேறு இடம் இருக்கிறது, பொருத்த வரிசையில் சொல்கிறேன்.

முழுதாக்கும் விஷயத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். 4.34-உம் 4.26-உம் அட்டையில் 4.3 என்றே தெரியும். உள்ளே இருக்கும் நீள எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் 12 பேரின் 4.3 மேலேயும் 2100 பேரின் 4.3 கீழேயும் நிற்கும். பார்ப்பவருக்கு அது விளங்காது. தெரியும் எண்ணையே வரிசைக்கும் எடுத்துக்கொண்டு, சமமாக வந்தால் அதிகம் பேர் மதிப்பிட்டதை மேலே வையுங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இப்படி எழுதலாம்:

```sql
SELECT id, name, ROUND(avg_rating, 1) AS shown, n
FROM products
WHERE category_id = 7
ORDER BY (n >= 10) DESC,
         ROUND(avg_rating, 1) DESC NULLS LAST,
         n DESC,
         id
LIMIT 24 OFFSET 0;
```

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். `NULLS LAST` இல்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் இறங்கு வரிசையில் வெற்று மதிப்புகளை முதலில் கொண்டுவரும். யாருமே மதிப்பிடாத பொருள்கள், கோட்டுக்குக் கீழே 5.0-ஐயும் தாண்டி மேலே வந்து நிற்கும். கடைசியில் இருக்கும் `id` அற்பமாகத் தெரியலாம். ஆனால் அது இல்லாமல் சமமான பொருள்கள் எந்த ஒழுங்கில் வரும் என்பதற்குத் தரவுத்தளம் உறுதி தராது. முதல் பக்கத்தைக் கேட்கும்போது ஓர் ஒழுங்கு, இரண்டாம் பக்கத்தைக் கேட்கும்போது வேறு ஒழுங்கு வரலாம். அப்போது ஒரே பொருள் இரண்டு பக்கத்திலும் தோன்றும். இன்னொரு பொருள் எந்தப் பக்கத்திலும் தோன்றாது. முதலாவதை வாங்குபவர் கவனித்துச் சொல்லிவிடுவார். இரண்டாவதை யாரும் சொல்லமாட்டார்கள், அந்தப் பொருள் விற்காமலே கிடக்கும். விலை வரிசைக்கும் இது அப்படியே பொருந்தும். சொல்லப்போனால் அங்கே சமமான எண்கள் இன்னும் அதிகம்.

## விலை: எந்த விலை?

விலையில் கணக்குக்கு வேலை குறைவு. எந்த விலையை எடுப்பது என்பதில்தான் எல்லாம் தடுக்கும்.

ஒரு சட்டை ஐந்து அளவுகளில் இருக்கிறது. சிறிய அளவின் விலை 30, மற்றவை 45. அட்டையில் ‘30 முதல்’ என்று இருக்கும், வரிசையும் 30-ஐ வைத்து ஓடும். சிறிய அளவு தீர்ந்துபோனதும் அட்டை 45 என்று மாறிவிடுகிறது, ஆனால் வரிசைக்கான விலை பழைய 30-லேயே நிற்கிறது. இப்போது வாங்குபவர் 28, 29, 45, 31 என்று படிக்கிறார். தள்ளுபடியும் இதே வேலையைச் செய்யும்: அட்டையில் தள்ளுபடி விலை, வரிசையில் பழைய விலை. தீர்வு ஒன்றுதான். அட்டை எந்தப் புலத்திலிருந்து விலையை எடுக்கிறதோ அதே புலத்திலிருந்து வரிசையும் எடுக்க வேண்டும். வாங்கக் கிடைக்கும் அளவுகளில் குறைந்த விலை, தள்ளுபடி போக. வாங்குபவர் அளவை வடிகட்டியிருந்தால் அந்த அளவின் விலை மட்டும்.

விலை எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தால் 1000 என்பது 200-க்கு முன்னால் வரும். முதல் எழுத்து 1, அதனால். பழைய பட்டியல்களை அப்படியே ஏற்றும்போது இன்றும் நடக்கிற தவறு இது. எண் வகைப் புலமாக மாற்றினால் தீர்ந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல், குறைந்த விலை முதலில் என்று கேட்கும்போது வரும் குப்பை. ஒருவர் ‘கேமரா’ என்று தேடுகிறார். பொருத்த வரிசையில் கேமராக்கள் மேலே இருந்தன. விலை வரிசைக்கு மாறியதும் கேமரா மூடி, கேமரா வார், கேமரா பை என்று நூறு பொருள்கள் முன்னால் வந்துவிடும். அந்தச் சொல் பெயரில் இருக்கும் எல்லாமே தேடலில் அகப்பட்டவைதான். பொருத்த வரிசை அவற்றைக் கீழே மறைத்து வைத்திருந்தது, விலை வரிசை மேலே இழுத்துப்போட்டுவிட்டது. ஆகவே விலையின்படி அடுக்குவதற்கு முன்னால் வெட்ட வேண்டும். தேடல் சொல்லுக்கு உரிய வகையை முதலில் கண்டுபிடியுங்கள். ‘கேமரா’ என்று தேடியவர்கள் கடைசியில் எந்த வகையில் போய் வாங்கினார்கள் என்ற பழைய பதிவு இதற்கு நன்றாக உதவும். அந்த வகைக்குள் மட்டும் விலை வரிசையை ஓட்டுங்கள். ‘கேமராக்கள் மட்டும் காட்டப்படுகின்றன, துணைப் பொருள்களையும் காட்டு’ என்று ஒரு வரி மேலே இருக்கட்டும். வார் தேடி வந்தவர் அதை அழுத்திக்கொள்வார்.

விலை வரிசையைக் கேட்பவரை ‘மலிவானதைத் தேடுபவர்’ என்று மட்டும் நினைப்பது தவறு. பலர் அதை ஏணியாகப் பயன்படுத்துகிறார்கள். கீழ்ப்படியிலிருந்து ஏறிக்கொண்டே வந்து, பொருள் எங்கே உருப்படியாகத் தெரியத் தொடங்குகிறதோ அங்கே நிற்கிறார்கள். ஒரு படி உடைந்திருந்தாலும் அவர் கணக்கு கலைந்துவிடும். இந்த ஏணிக்கு நடுவில் விளம்பரப் பொருளைச் செருகாதீர்கள். 28, 29, 90, 31 என்று இருந்தால், ‘விளம்பரம்’ என்று எழுதியிருந்தாலும் ஏணி உடைந்தது உடைந்ததுதான். விளம்பரம் வேண்டும் என்றால் வரிசைக்கு மேலே தனிப் பட்டையில் வையுங்கள்.

அடுக்கும் கட்டங்களும் ஏணியைக் கெடுக்கும். அட்டைகளை `column-count` கொண்டு அமைத்தால் உலாவி ஒரு நெடுவரிசையை மேலிருந்து கீழே நிரப்பிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். வாங்குபவரோ இடமிருந்து வலமாகப் படிப்பார். வரிசை சரியாக இருந்தும் அவர் கண்ணுக்கு எண்கள் தாறுமாறாகத் தெரியும். `display: grid` பயன்படுத்தினால் அட்டைகள் இடமிருந்து வலமாக, வரிவரியாக விழும்.

## பொருத்தம்: சரிபார்க்க முடியாத வரிசை

பொருத்தம் என்ற சொல்லுக்குள் கடை பலதையும் போட்டு வைத்திருக்கும். தேடல் சொல் பெயரில் இருக்கிறதா விவரத்தில் இருக்கிறதா, எவ்வளவு விற்கிறது, ஸ்டாக்கில் இருக்கிறதா, எத்தனை பேர் அழுத்தினார்கள். வாங்குபவர் ஒன்றையும் தேர்ந்தெடுக்காதபோது வரும் வரிசை இதுதான். அதனால் இதைக் கடையின் பரிந்துரை என்றே படிக்கிறார். எடை சேர்த்த மதிப்பெண்ணுக்கு உரிய இடம் இதுவே. இங்கே எந்த எண்ணும் இறங்கு முகமாக வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, 4.6-க்குக் கீழே 4.8 நின்றாலும் யாரும் திகைப்பதில்லை.

இங்கே கவனமாக இருக்க வேண்டியது அழுத்தல் எண்ணிக்கையில். மேலே இருப்பதை மக்கள் மேலே இருப்பதாலேயே அழுத்துகிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தோர்ஸ்டன் யோவாகிம்ஸ் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தேடல் முடிவுகளின் முதல் இரண்டையும் இடம் மாற்றிக் காட்டினார்கள். இடம் மாறி முதலில் வந்ததையே அப்போதும் அதிகம் பேர் அழுத்தினார்கள். அது வலைத் தேடலில் செய்தது, ஆனாலும் கடைப் பக்கத்தில் விளைவு நேரடியாகப் பணமாகிறது. மேலே இருப்பதை அழுத்துகிறார்கள், அழுத்தியதைக் கடை மேலே வைக்கிறது, அதனால் இன்னும் அழுத்துகிறார்கள். நேற்றைய முதலிடம் இன்றைக்கும் முதலிடமாகவே உறைந்துவிடும்.

இதைச் சமாளிக்க ஒரு நேர் வழி: அழுத்தல்களை அந்த இடத்தின் வழக்கமான அழுத்தலோடு ஒப்பிடுங்கள். முதல் இடத்தில் எது இருந்தாலும் நூறு பார்வைக்கு 10 அழுத்தல், எட்டாம் இடத்தில் 2 என்று உங்கள் பதிவு காட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதல் இடத்தில் 9 வாங்கிய பொருள் இடத்துக்கு உரியதைவிடக் குறைவாகத்தான் வாங்கியிருக்கிறது. எட்டாம் இடத்தில் 4 வாங்கியது இரண்டு மடங்கு வாங்கியிருக்கிறது. மேலே ஏற்ற வேண்டியது இரண்டாவதை. ஒவ்வொரு இடத்துக்கும் உரிய இந்த வழக்கமான எண்ணைப் பெற, ஒரு சிறு பங்குப் பார்வையாளர்களுக்கு மட்டும் முதல் பத்துப் பொருள்களைக் கலைத்துக் காட்ட வேண்டியிருக்கும். கலைக்காமல் கணக்கிட்டால் நல்ல பொருளின் அழுத்தலையும் நல்ல இடத்தின் அழுத்தலையும் பிரிக்க முடியாது.

விற்பவர் காசு கொடுத்து மேலே வந்த பொருளை அட்டையிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இது 2022 மே 28 முதல் சட்டமாகவே நடைமுறையில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய இடத்தைச் சொல்ல வேண்டும், பலர் விற்கும் சந்தைப் பக்கங்கள் எதை வைத்து வரிசைப்படுத்துகின்றன என்ற முக்கியக் காரணிகளையும் சொல்ல வேண்டும்.

## வெளியிடும் முன் செய்யும் சோதனை

ஒவ்வொரு வரிசையிலும் முதல் மூன்று பக்கங்களை எடுத்து, நிரலிலிருந்து அல்ல, திரையில் தெரிவதிலிருந்து எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். விலை எங்காவது பின்வாங்குகிறதா? மதிப்பீடு கோட்டுக்கு மேலே எங்காவது ஏறுகிறதா? ஒரே பொருள் இரண்டு பக்கத்தில் வருகிறதா? மூன்று பக்கத்தில் 72 அட்டைகள் என்றால் 72 வெவ்வேறு பொருள்கள் இருக்க வேண்டும். கைபேசியில் இதையே இன்னொரு முறை செய்யுங்கள், அங்கே அட்டைகள் விழும் விதம் வேறு.

அப்புறம், அந்தப் பக்கத்தைப் பார்த்திராத ஒருவரை உட்காரவைத்து மதிப்பீட்டு வரிசையை எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். விரலை மட்டும் பாருங்கள். அதே தேர்வை அவர் இரண்டாம் முறை அழுத்தினால், எந்த அட்டையைப் பார்த்த பிறகு அழுத்தினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டிய இடம் அந்த அட்டைதான்.